பீரோவில் பூட்டிய அட்டையும் ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளும்

எங்கள் பெரிய மாமா உடல்தானத்துக்கு எழுதிக் கொடுத்தவர். ஏதோ ஒரு முகாமில் படிவம் நிரப்பி, கையளவு அட்டை வாங்கி, அதை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருந்தார். பத்திரம் என்றால் அப்படியொரு பத்திரம். 2016-இல் அவர் இறந்து, காரியம் எல்லாம் முடிந்து, நிலப் பட்டாவைத் தேடி பீரோவின் உள்ளறையைக் குடைந்தபோதுதான் அந்த அட்டை கிடைத்தது. மாமி அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மாமாவை எரித்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

அட்டை முதல் நாளே கிடைத்திருந்தாலும் அவர் உடலைக் கொடுத்திருக்க முடியாது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் ஸ்கூட்டரில் போகும்போது தடுமாறி விழுந்து, தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்தவர். விபத்து என்பதால் போலீஸ், பிரேதப் பரிசோதனை எல்லாம் நடந்தது. பிரேதப் பரிசோதனை செய்த உடலை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறை வாங்காது. மார்பும் வயிறும் மண்டையும் திறக்கப்பட்ட உடலில் ரத்தக் குழாய் வழியாகப் பதப்படுத்தும் திரவத்தை ஏற்ற முடியாது, மாணவர்கள் படிப்பதற்கும் உறுப்புகள் இருந்த இடத்தில் இருக்காது.

ஆனால் கண்களைக் கொடுத்திருக்கலாம். போலீஸ் அனுமதியோடு அதைச் செய்திருக்க முடியும். யாருக்கும் தோன்றவில்லை. ஸ்டேஷனுக்கும் பிணவறைக்கும் நடந்து நடந்தே, கண்ணை எடுக்கக் கெடுவான ஆறு மணி நேரம் போய்விட்டது.

இந்த இரண்டும் அப்பாவைக் குடைந்துகொண்டே இருந்தன. அப்பா தபால் துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். படிவம் என்றால் அவருக்கு ஒரு பிடிப்பு. "அட்டைல தப்பில்லை. அட்டை எந்த நேரத்துல யார் கைல இருக்கணும்னு அவர் யோசிக்கலை" என்று அடிக்கடி சொல்வார். 2018-இல் ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு, மயிலாடுதுறையிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்கே நேராகப் போனார்.

அங்கே ஒரு பேராசிரியை அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். அவர் சொன்னதில் இன்றும் நினைவில் நிற்பது இதுதான்: "சார், நீங்க எழுதிக் குடுக்கறது உங்க விருப்பம். உடம்பை ஒப்படைக்கறது உங்க வீட்டுக்காரங்க. அவங்க கொண்டு வந்து கையெழுத்து போட்டாத்தான் நாங்க வாங்க முடியும். அவங்க கூப்பிடலைன்னா நாங்க வந்து கேக்க மாட்டோம்."

படிவத்தில் அப்பாவின் புகைப்படம், ஆதார் எண், இரண்டு சாட்சிகள். சாட்சிகள் நெருங்கிய ரத்த உறவாக இருந்தால் நல்லது என்றார்கள். அண்ணனும் நானும் போடலாம் என்று முடிவானது. அப்பா யோசித்துவிட்டு, "உங்க அம்மா போடட்டும். அன்னிக்கு வீட்டுல இருக்கப் போறது அவதான்" என்றார். அம்மாவின் கையெழுத்தை வாங்க அவருக்கு எட்டு மாதம் ஆனது. எழுதிக் கொடுத்த வேலையிலேயே கடினமான பகுதி அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அம்மா மறுத்த எட்டு மாதமும் அப்பா அவசரப்படுத்தவில்லை. அம்மாவுக்கு என்ன பயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். கொள்ளி இல்லாமல் போனால் ஆத்மா அலையுமா, அஸ்தி இல்லாமல் காரியம் எப்படிச் செய்வது, தாலி கழற்றுவது என்றைக்கு, ஊர் என்ன பேசும். அம்மாவின் கேள்விகள்தான் பின்னால் அப்பாவின் தாளில் பாதியை நிரப்பின.

எல்லாரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். கண்தானம், உறுப்புதானம், உடல்தானம் மூன்றும் வேறு வேறு பாதைகள். எந்தப் பாதை நமக்குத் திறக்கும் என்பதை நம் விருப்பத்தைவிட நாம் எப்படி இறக்கிறோம் என்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது.

இதயம், கல்லீரல், சிறுநீரகம் போன்றவற்றைக் கொடுப்பது பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவர்களால்தான் முடியும். அதாவது தீவிர சிகிச்சைப் பிரிவில், வென்டிலேட்டரில், இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே மூளைத் தண்டு செயலிழந்துவிட்டது என்று நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு சோதித்துச் சொல்ல வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிப்பார்கள். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவில் இருப்பவர் இந்த நான்கு பேரில் இருக்கக் கூடாது. 2008-இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு தமிழ்நாட்டில் பலருக்கும் பழக்கமான பாதை இது. உறுப்புகளை எடுத்த பிறகு உடலைத் தைத்து வீட்டுக்குத் தருவார்கள், வழக்கம்போல் தகனம் செய்யலாம். 2023 செப்டம்பரிலிருந்து இப்படிக் கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கை அரசு மரியாதையோடு நடத்துகிறார்கள். ஆனால் உறுப்புகள் எடுத்த உடலைப் பொதுவாக உடற்கூறியல் துறை ஏற்பதில்லை. ஆக, "என் உறுப்புகளையும் உடலையும் தானமாகத் தருகிறேன்" என்று ஒரே வரியில் எழுதி வைப்பவர், எதற்கு முன்னுரிமை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

வீட்டில், படுக்கையில், இதயம் நின்று இறப்பவர் இதயத்தையோ கல்லீரலையோ கொடுக்க முடியாது. கண்ணையும் உடலையும் கொடுக்கலாம். கண்ணை எடுத்த பிறகும் உடலை வாங்கிக்கொள்வார்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, கிருமி ரத்தத்தில் பரவிய நிலை போன்றவை இருந்தால் கண்ணும் இல்லை, உடலும் இல்லை. உடலுக்கு மட்டும் இன்னும் சில தடைகள் உண்டு: பிரேதப் பரிசோதனை, பெரிய தீக்காயம், அழுகத் தொடங்கிய உடல், ஆழமான படுக்கைப்புண், காசநோய். கண்ணுக்கு வயது தடையில்லை. கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்தவர், சர்க்கரை உள்ளவர் எல்லாரும் கொடுக்கலாம். அப்பாவுக்கு இந்த மூன்றும் இருந்தன.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்துதான் அப்பா அந்தத் தாளை எழுதினார். ஒரு பக்கம்தான். உயில் பத்திரத்தோடு சேர்க்கவில்லை. "உயிலைப் பதினாறாம் நாளுக்கு அப்புறம்தான் பிரிப்பீங்க, அதுல என் கண்ணைப் பத்தி எழுதி என்ன பிரயோசனம்" என்றார். தாளின் ஒரு நகல் ஃபிரிட்ஜ் பக்கவாட்டில் ஒட்டப்பட்டது. ஒன்று அம்மாவின் கைப்பையில், ஒன்று என்னிடம், ஒன்று துபாயில் இருக்கும் அண்ணனுக்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் ஃபிரிட்ஜைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு குறும்பான சந்தோஷம்.

தாளில் இருந்ததை அப்படியே தருகிறேன், எண்களை மட்டும் விட்டுவிட்டு:

"ஐ.சி.யூ.வில் மூளைச்சாவு என்று டாக்டர்கள் சொன்னால்: எது பயன்படுமோ எல்லா உறுப்பும் கொடுங்கள். உடல் திரும்பி வரும், எரித்துவிடுங்கள். கல்லூரிக்கு வேண்டாம்.

வீட்டிலோ வார்டிலோ மூச்சு நின்றால்: முதலில் கண் வங்கி. அடுத்து நம் டாக்டர். அதற்கு அடுத்து கல்லூரி. இந்த வரிசையில்.

விபத்து, போஸ்ட்மார்ட்டம் என்றால்: கண் மட்டும். போலீஸிடம் உடனே கேளுங்கள். கேட்காமல் இருந்துவிடாதீர்கள். உடலை எரித்துவிடுங்கள்.

கல்லூரி வாங்க மறுத்தால்: எரியுங்கள். அலைய வேண்டாம். என் விருப்பம் நிறைவேறவில்லை என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

ஒப்படைக்கும் கையெழுத்து: என் மனைவி. அவளால் முடியாவிட்டால் என் மகள்."

அந்த நான்காவது பகுதியின் அருமை பிறகுதான் தெரிந்தது. மாமி இன்று வரைக்கும் மாமாவின் அட்டையை நினைத்து மனம் வெதும்புகிறார். அப்படி ஒரு வரி அவருக்கு இருந்திருந்தால் தேவலை.

தாளின் பின்பக்கம் சடங்குகளைப் பற்றி. அதைப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் வந்தது.

2024 ஜனவரியில், ஒரு சனிக்கிழமை விடிந்தால் ஞாயிறு என்ற இரவில், மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பா வீட்டிலேயே இறந்தார். சிறுநீரகம் செயலிழந்து மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அழுதேன். பிறகு ஃபிரிட்ஜைப் பார்த்தேன். கூச்சமாக இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் செய்வதற்கு ஏதோ வேலை இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

கண் வங்கியின் எண்ணுக்கு முதல் அழைப்பு. எந்த எண்ணும் கையில் இல்லாவிட்டால் 104-ஐ அழைக்கலாம் என்றும் அப்பா எழுதியிருந்தார். போனில் பேசிய பையன் நிதானமாகச் சொன்னான்: மின்விசிறியை நிறுத்துங்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலைக்குக் கீழே தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். மின்விசிறிக் காற்றில் கருவிழி உலர்ந்துவிடும், தலை தாழ்வாக இருந்தால் கண்ணைச் சுற்றி ரத்தம் தேங்கி வீங்கும், அதனால்தான். இரண்டு பேர் கொண்ட குழு ஐந்தேகால் மணிக்கு வந்தது. அம்மாவிடம் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், கொஞ்சம் ரத்த மாதிரி. கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம். முகம் குழி விழுந்து போகுமோ என்று பயந்துகொண்டிருந்த அம்மா உள்ளே போய்ப் பார்த்தார். தூங்குகிற மாதிரியே இருந்தது. அப்புறம்தான் அம்மா வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

டாக்டர் ஆறு மணிக்கு வந்தார். வீட்டில் நடக்கும் சாவில் இது ஒரு முக்கியமான கண்ணி. பதிவு பெற்ற மருத்துவர் இறப்பின் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்ட சான்று இல்லாமல் கல்லூரியில் உடலை இறக்கவே விட மாட்டார்கள். அப்பாவை வழக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்பதால் அவர் தயங்கவில்லை. முன்பின் பார்க்காத டாக்டரைக் கூப்பிட்டிருந்தால், அவர் எழுதத் தயங்கியிருப்பார், அதில் தப்பும் இல்லை. அப்பா இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு நானே டாக்டரிடம் கேட்டிருந்தேன்: "ராத்திரியில் நடந்தால் வருவீர்களா சார்?" கேட்க நாக்கு எழவில்லை, ஆனாலும் கேட்டேன். வருவேன் என்றார், இன்னொரு எண்ணும் கொடுத்தார்.

அடுத்தது கல்லூரி. இங்கேதான் தாள் காலை வாரியது.

துறையின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. 2018-இல் எழுதிக் கொண்ட இரண்டாவது எண் ஓர் உதவியாளருடையது, அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நல்ல வேளையாக அவர் போனை எடுத்து, யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னார். கல்லூரியோடு இருக்கும் மருத்துவமனையின் பிணவறைப் பணியில் இருப்பவர்தான் விடுமுறை நாளில் உடலை வாங்கிக் குளிர்பெட்டியில் வைப்பார், துறை திங்கட்கிழமை முறைப்படி ஏற்றுக்கொள்ளும். இது எங்கள் கல்லூரியின் ஏற்பாடு. வேறு இடங்களில் வேறு மாதிரி இருக்கும். ஆகவே துறைக்குப் போகும்போது, "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்ன செய்ய வேண்டும்?" என்ற கேள்வியைக் கேட்காமல் திரும்பாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை அந்த எண்களை அழைத்துப் பார்ப்பதும் நல்லது. ஐந்தரை வருடத்தில் நாங்கள் ஒரு முறைகூட அழைத்துப் பார்க்கவில்லை.

பிணவறையில் இருந்தவர் முதலில் கேட்டது படுக்கைப்புண் பற்றி. முதுகில் சின்னதாக ஒன்று இருந்தது, மேல்தோல் மட்டும் உரிந்தது. பரவாயில்லை என்றார். வெளியே எங்கும் எம்பாமிங் செய்துவிடாதீர்கள், ஐஸ் பெட்டியில் வைத்திருங்கள், மதியம் இரண்டு மணிக்குள் வாருங்கள் என்றார். கொண்டுவரச் சொன்னவை: டாக்டரின் சான்று அசல், அப்பாவின் ஆதார் நகல், ஒப்படைப்பவரின் ஆதார் நகல், பழைய ஒப்புதல் படிவத்தின் நகல், வாரிசுகள் யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று எல்லாரும் கையெழுத்துப் போட்ட கடிதம்.

கடைசியாகச் சொன்னது எங்களிடம் இல்லை. அண்ணன் துபாயில். 2018-இல் அண்ணனைச் சாட்சியாகப் போடாமல் அம்மாவைப் போட்டது சரியான முடிவுதான், ஆனால் அண்ணனிடம் ஒரு சம்மதக் கடிதம் அப்போதே வாங்கிக் கோப்பில் வைத்திருக்கலாம். அவன் அங்கே ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, வாட்ஸப்பில் அனுப்பினான். ஞாயிறு காலையில் பிரிண்ட் எடுக்கக் கடை தேடி அலைந்தோம். பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரி மாணவன், அவன் வீட்டுப் பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தான். நேரில் வந்ததும் அசலில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள்.

இதற்குள் வீட்டில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். அத்தை வந்தார். அப்பாவின் அக்கா, எண்பத்தொரு வயது. வந்தவர் ஐஸ் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏண்டி, என் தம்பிக்குக் கொள்ளி கூடக் கிடையாதா? அவன் என்ன அநாதையா?"

கூடத்தில் ஒரு சத்தமில்லை. அதே நேரம் போனில் அண்ணன், "அப்பா எந்தச் சடங்கும் கூடாதுன்னு எழுதியிருக்கார், யாரும் எதுவும் செய்யக் கூடாது" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்தது 2018-இல் எழுதிய தாள். அதில் அப்படித்தான் இருந்தது. 2021-இல் அப்பா அம்மாவுக்காக அதை மாற்றி எழுதி, ஃபிரிட்ஜ் தாளையும் எங்கள் நகல்களையும் மாற்றினார். அண்ணனுக்கு அனுப்ப மறந்திருக்கிறார். ஒரே மனிதரின் இரண்டு விருப்பங்கள், இரண்டு பிள்ளைகள் கையில். சண்டை வெடிப்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

புதிய தாளின் மேல் தேதி இருந்தது. "இதற்கு முன் எழுதிய எல்லாத் தாளும் செல்லாது" என்று தபால்காரருக்கே உரிய ஒரு வரியும் இருந்தது. அதைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அவன் அதோடு அடங்கினான்.

அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்று அப்பா முன்பே யோசித்திருந்தார். யார் எதிர்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால் பொதுவாக எழுதாமல் அத்தைக்கே எழுதியிருந்தார். கூடவே என் போனில் இரண்டு நிமிட வீடியோ. படுக்கையில் விழுவதற்கு முன்னால், திண்ணையில் உட்கார்ந்து பேசியது. அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து அதைப் போட்டுக் காட்டினேன்.

"அக்கா, நீ கேப்பேன்னு தெரியும். குளிப்பாட்டு, விபூதி பூசு, கோடித்துணி போர்த்து. பேரன் நெய்ப்பந்தம் பிடிக்கட்டும். வாய்க்கரிசி மட்டும் வாயில வேண்டாம், காலடியில போடு. கொள்ளி வைக்கறதுக்கு பதிலா வாசல்ல கற்பூரம் ஏத்து. என்னைக் கொண்டு போறது வைத்தியம் படிக்கற புள்ளைங்ககிட்டதான். நீ சம்மதிச்சு அனுப்பினாத்தான் எனக்கு நிம்மதி."

அத்தை ஒரு முறை பார்த்துவிட்டு இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாவது முறை பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தண்ணி எடுத்துட்டு வாங்கடி" என்றார். படிவத்தையோ கல்லூரியின் கடிதத்தையோ காட்டியிருந்தால் இது நடந்திருக்காது. அச்சடித்த தாளில் இருப்பது அப்பாவின் விருப்பமா, நாங்கள் அவர் தலையில் கட்டியதா என்று அத்தைக்கு எப்படித் தெரியும்? குரல் அப்பாவுடையது. சொல்லும் அவர் பேசுகிற சொல்.

வாய்க்கரிசி, கற்பூரம் எல்லாம் அப்பா தானாகக் கண்டுபிடித்தவை அல்ல. அம்மாவின் கேள்விகளை எடுத்துக்கொண்டு எங்கள் குடும்பத்துக்குக் காரியம் செய்துவைக்கும் ஐயரிடம் போய்க் கேட்டார். அஸ்தி இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து அதற்குச் சடங்கு செய்யும் வழக்கம் பழைய காலத்திலிருந்தே உண்டு, தொலைதூரத்தில் இறந்து உடல் கிடைக்காதவர்களுக்கு அப்படித்தான் செய்வார்கள் என்று அவர் சொன்னார். அம்மாவின் பெரிய பயம் அதோடு கரைந்தது. பதினாறாம் நாள் துலாக்கட்டத்தில் அப்படித்தான் செய்தோம்.

மதியம் ஒன்றரை மணிக்குப் பிணவறை வாசலில் இருந்தோம். அப்பாவின் காதில் கடுக்கன் இருந்ததைக் கழற்றித் தரச் சொன்னார்கள். அம்மா கையெழுத்துப் போட்டார். போகும் வழியில் எங்கள் பெரியப்பா பையன், "ஆம்பளப் பிள்ளை வராம பொம்பளைங்க கையெழுத்து செல்லுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அங்கே யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஒப்படைப்பவர் என்ற இடத்தில் மனைவியின் கையெழுத்தே போதுமானதாக இருந்தது.

இன்னொன்று தற்செயலாக நல்லதாக முடிந்தது. தாளில், "யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்" என்று இருந்தது. நேரம் தாண்டினால் உடல் பயன்படாமல் போய்விடும் என்பது அப்பாவின் கவலை. அண்ணனுக்கு அந்த வரி கத்தியால் குத்தியது போல் இருந்தது என்று பிறகு சொன்னான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் துறை திங்கள் காலையில்தான் உடலை எடுத்தது. அண்ணன் திருச்சியில் இறங்கி நேராகப் பிணவறைக்குப் போய், பதப்படுத்தும் வேலை தொடங்குவதற்கு முன்னால் முகத்தைப் பார்த்துவிட்டான். வேறு கிழமையாக இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. அந்த ஒரு வரியை மட்டும் அப்பா அண்ணனிடம் நேரில் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். எல்லா வெளிநாட்டுப் பிள்ளைகள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். எவ்வளவு நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் கல்லூரி ஏற்கும் என்று கேட்டுக்கொண்டு, அதற்குள் வர முடியுமா என்று பிள்ளையிடமே கேட்டுவிடலாம்.

கல்லூரி, உடலைப் பெற்றுக்கொண்டதாக ஒரு சான்று கொடுத்தது. நகராட்சியில் இறப்பைப் பதியப் போனபோது சுடுகாட்டு ரசீதைக் கேட்டார்கள். அதற்குப் பதிலாக இந்தச் சான்றையும் டாக்டரின் சான்றையும் கொடுத்தோம். கொஞ்சம் விழித்தார்கள், பிறகு வாங்கிக்கொண்டார்கள். இருபத்தொரு நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் அந்தச் சான்றை இரண்டு மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வங்கி, ஓய்வூதிய அலுவலகம் எதுவும் இறப்புச் சான்றிதழ் இல்லாமல் நகராது.

அதே வருடம் செப்டம்பரில் கேரளத்தின் மூத்த இடதுசாரித் தலைவர் எம்.எம். லாரன்ஸ் இறந்தார். உடலைக் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம் என்று மகன் சொன்னார். மகள் ஒருவர், அப்படி விருப்பம் இல்லை, தேவாலயத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று நீதிமன்றத்துக்குப் போனார். எழுத்தில் எதுவும் இல்லை, வாய்மொழியாகச் சொன்னதுதான். உயர் நீதிமன்றம் தனி நீதிபதி, இரு நீதிபதிகள் அமர்வு என்று போய், உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மகளின் மனுவைத் தள்ளுபடி செய்யும் வரை வழக்கு நடந்தது. அத்தனை மாதமும் உடல் பிணவறையில். செய்தியைப் படித்துவிட்டு அம்மா, "அவங்களுக்கு ஒரு தாள் இல்லாம போச்சே" என்றார். தாள் இருந்தும் எங்கள் வீட்டில் ஒரு காலைப் பொழுது முழுக்க என்ன நடந்தது என்பதை நான் நினைத்துக்கொண்டேன்.

நான் எனக்கு என்ன செய்துகொண்டேன் என்று கேட்பீர்கள். மத்திய அரசின் உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோவின் notto.abdm.gov.in தளத்தில் ஆதார் எண் கொடுத்து, போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டு உறுதிமொழி பதிந்தேன். சான்றிதழை உடனே இறக்கிக்கொள்ளலாம். ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் உறுப்புதானம் செய்ய விருப்பமா என்று கேட்கிறார்கள், ஆம் என்றால் உரிமத்திலேயே அச்சாகிறது. காகிதத்தில் என்றால் சட்டப்படியான உறுதிமொழி படிவம் 7. இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். ஆனால் எது இருந்தாலும், அந்த நாளில் டாக்டர்கள் என் கணவரிடம்தான் வந்து கேட்பார்கள். அவர் படிவம் 8-இல் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நடக்கும். அவர் வேண்டாம் என்றால் நான் வாங்கிய சான்றிதழை யாரும் தூக்கிப் பிடித்துச் சண்டை போடப் போவதில்லை. அதனால் சான்றிதழை வாங்கிய அன்றைக்கே இரவுச் சாப்பாட்டில் அவரிடமும் மகளிடமும் பேசினேன். மகள் கேட்டாள்: "வென்டிலேட்டர்ல இருக்கும்போது மூச்சு விடற மாதிரி இருக்குமே, எப்படிம்மா நம்பறது?" அதற்கு நான் இரண்டு முறை சோதிப்பதைப் பற்றிச் சொன்னேன். அவள் தலையாட்டினாள், முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

அம்மா போன மாதம் தன் தாளை எழுதினார். நான்தான் எழுதினேன், அவர் சொல்லச் சொல்ல. கண் கொடுக்கலாம். உடல் வேண்டாம். "அவங்க போனது அவங்க இஷ்டம். என்னை எரிக்கணும், துலாக்கட்டத்துல கரைக்கணும். உங்க அண்ணன் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அப்பா மாதிரி அவசரமெல்லாம் எனக்கு இல்லை." பின்னால் மாற்றி எழுதத் தோன்றினால் என்ன செய்வது என்று கேட்டேன். "தேதி போடு" என்றார். இந்த முறை அண்ணனுக்கும் அன்றைக்கே அனுப்பினேன், பார்த்ததற்கு அடையாளமாக அவன் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும் வரை விடவில்லை. ஃபிரிட்ஜில் அப்பாவின் தாள் இருந்த இடத்தில் பழைய செல்லோடேப்பின் தழும்பு அப்படியே இருந்தது. அதன் மேலேயே ஒட்டினோம்.